சுஜாதாவுக்கு முன்னால் சுந்தர ராமசாமி!

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. பாண்டி பஜாரில் கடைக்காரர்கள் இன்னும் ஷட்டரைத் தூக்கி முடிக்கவில்லை. வெங்கட்நாராயணா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், மாடிப்படி ஏறினால் ஒற்றை அறை நூலகம். அறை முழுக்கப் புத்தகம், அதுவும் தரையில்! மூன்று இரும்பு ராக்குகளும் சுத்தமாகத் துடைக்கப்பட்டு வெறுமையாக நிற்கின்றன. சுமார் 350 புத்தகங்கள் பாயிலும் பழைய போர்வையிலும் பரப்பிக் கிடக்கின்றன. நடுவே முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மாமி உட்கார்ந்திருக்கிறார். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் பென்சில், மடியில் ஒரு நோட்டு.

“வந்துட்டியா? செருப்பை வெளியில விட்டுட்டு, அந்தப் புத்தகத்தை மிதிக்காம வா” என்றார்.

இந்தக் காட்சியைப் பார்க்கத்தான் நான் மூன்று வாரமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். நூலகத்துக்குப் போகிறோம், ராக்கில் கை வைக்கிறோம், புத்தகம் வருகிறது. அது அங்கே எப்படிப் போய் உட்கார்ந்தது? யார் பக்கத்தில் யாரை உட்கார வைப்பது என்று யார் முடிவு செய்தார்கள்? கல்யாண மண்டபத்தில் பந்தி உட்காரவைப்பதைவிடச் சிக்கலான விஷயம் இது என்று அன்று மதியத்துக்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

முதல் வேலை சுலபம். பாயைப் பத்து பாகமாக மனதில் பிரித்துக்கொள்கிறோம். மெல்வில் டூயி என்ற அமெரிக்கர் 1876-இல் வெளியிட்ட தசம வகைப்பாட்டில் அறிவு முழுவதும் பத்து பெரும் பிரிவு. தத்துவம் 100, சமயம் 200, சமூகவியல் 300, மொழி 400, அறிவியல் 500, மருத்துவமும் சமையலும் பொறியியலும் சேர்ந்த தொழில்நுட்பம் 600, கலை 700, இலக்கியம் 800, வரலாறும் புவியியலும் 900. எதிலும் அடங்காத பொது நூல்களுக்கு 000. ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்துப் புரட்டி, அந்தந்தக் குவியலில் போடு, போடு, போடு! ஒரு மணி நேரத்தில் பாயில் பத்து மேடுகள். அதில் ஒரு மேடு மட்டும் மலை. 800!

தமிழ் நூலகம் என்றால் இது தவிர்க்க முடியாதது. டூயியின் எண்ணில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்று பெயர். அதற்குப் பின்னால் ஒரு இலக்கம் சேர்த்தால் வடிவம் வந்துவிடும். 1 சேர்த்தால் கவிதை, 2 நாடகம், 3 புனைகதை, 4 கட்டுரை. ஆக, 894.8113 என்று ஒரு முதுகில் ஒட்டியிருந்தால் அது தமிழ் நாவலோ சிறுகதையோதான். அந்த ஒரே எண்ணில் மட்டும் எங்களிடம் 118 புத்தகங்கள். 118 புத்தகங்களுக்கும் ஒரே எண்! அப்புறம் அவற்றை எப்படிப் பிரிப்பது? அங்கேதான் ஆசிரியர் பெயர் உள்ளே வருகிறது. அங்கேதான் கூத்தே ஆரம்பம்.

ஆனால் அதற்கு முன்னால் பொருள் வாரியாகப் பிரிப்பதிலேயே இரண்டு இடத்தில் நான் தடுக்கி விழுந்ததைச் சொல்லியாக வேண்டும்.

எதிர் வீட்டுப் பெண் ஒருத்தி உதவிக்கு வந்திருந்தாள். ஆறாவது படிக்கிறாள், அசாத்திய சுறுசுறுப்பு. அவள் போட்ட 600 குவியலைப் பார்த்த மாமி ஒரு புத்தகத்தை எடுத்துச் சிரித்தார். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. “தலைப்பைப் பார்த்து வைக்கப்படாது கண்ணு. தண்ணி சப்ளை பத்தின புத்தகம்னா 628-தான். ஆனா இது கதை.” சென்னையில் தண்ணீருக்கு ஜனங்கள் படும் பாட்டைச் சொல்லும் நாவல் அது. அதே ஆசிரியரின் ‘கரைந்த நிழல்கள்’ சினிமா உலகத்தைப் பற்றியது, ஆனால் சினிமாவுக்கான 791.43-இல் போகாது. சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ ஜல்லிக்கட்டைப் பற்றியது, ஆனால் விளையாட்டுக் குவியலுக்குப் போகாது. கதை எதைப் பற்றியதாக இருந்தாலும் கதை கதைதான். இலக்கியத்தில் வடிவம்தான் வகுப்பு.

இதற்கு நேர்மாறான தடுமாற்றம் சுஜாதா. அவர் எழுதிய நாவல்களை 894.8113-இல் அழகாக அடுக்கிவிட்டேன். கையோடு ‘ஏன்? எதற்கு? எப்படி?’யையும் பக்கத்தில் சொருகினேன். மாமி உடனே உருவிவிட்டார். அது வாசகர்களின் அறிவியல் கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்கள், ஆகவே 500. ‘கற்றதும் பெற்றதும்’ கட்டுரை, ஆகவே 894.8114. “மாமி, ஒரே மனுஷனை மூணு இடத்துல பிச்சுப் போடறோமே!” என்றேன். “ஆமாம். முதல்ல பொருள், அப்புறம்தான் ஆள். அறிவியல் படிக்க வர்ற குழந்தை சுஜாதாவைத் தேடி வரல, அறிவியலைத் தேடி வருது. அங்க இவரைப் பார்த்துட்டா சந்தோஷப்படும்.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சத்தியமாக!

இந்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் வைக்கும் வித்தையைப் பற்றி யோசித்து யோசித்துத் தன் ஆயுளையே கொடுத்த மனிதர் நம் ஊர்க்காரர். சீர்காழி சீ.இரா. ரங்கநாதன். நம்ம ரங்கநாதன் தெருவுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். மாநிலக் கல்லூரியில் கணக்குப் பேராசிரியராக இருந்தவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். அந்த வருஷமே லண்டனுக்குப் படிக்கப் போனார். அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமான் கண்ணில் பட்டது. கொஞ்சம் பட்டை, கொஞ்சம் சக்கரம், கொஞ்சம் திருகாணி. அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் கிரேனும் வரும், வண்டியும் வரும். புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாக வைத்துக்கொண்டு பூட்டினால் என்ன? அந்தப் பொறியிலிருந்து பிறந்ததுதான் 1933-இல் வெளியான கோலன் வகைப்பாடு.

ராக்கைப் பற்றி அவர் சொன்ன ஒரு விஷயத்தை மாமி விரலாலேயே காட்டினார். நீ தேடிவந்த புத்தகம் நடுவில். அதன் இரண்டு பக்கமும் அதே பொருள். அதைத் தாண்டி இரண்டு பக்கமும் கொஞ்சம் உறவு உள்ள பொருள். அதையும் தாண்டினால் அந்நியம். கிரகணத்தில் முழுநிழல், அரைநிழல், வெளிச்சம் என்று வருமே, அப்படி. ஒரு புத்தகத்தின் முன்னால் நின்று மெல்ல இடது பக்கம் நகர்ந்தாலும் வலது பக்கம் நகர்ந்தாலும் பொருள் சடக்கென்று மாறாமல் மெதுவாக வெளிற வேண்டும். நல்ல அடுக்கு என்பதற்கு அதுதான் அடையாளம்.

எங்கள் சமையல் வரிசையில் இதைச் சோதித்தும் பார்த்தோம். பொதுச் சமையல் 641.5. சைவச் சமையல் 641.5636. தமிழ்நாட்டுச் சமையல் 641.595482. அதிலுள்ள 5482 தமிழ்நாட்டைக் குறிக்கும் இலக்கங்கள். தமிழ்நாட்டு வரலாற்றுக்கு 954.82 என்று வருவதும் அதே வேர்தான். குறிப்பிட்ட வகைப் பண்டங்களுக்கு 641.8. இப்போது இவற்றை வரிசைப்படுத்து பார்க்கலாம்! நான் நீளமான எண்ணைக் கடைசியில் வைத்தேன். தப்பு. புள்ளிக்குப் பிறகு வருவதை முழு எண்ணாகப் படிக்கக் கூடாது, ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட வேண்டும். 641.595482-இல் புள்ளிக்குப் பின் முதல் இலக்கம் 5, 641.8-இல் 8. ஐந்து முன்னால், எட்டு பின்னால், அவ்வளவுதான், அதற்குப் பின் எத்தனை இலக்கம் நீண்டாலும் கவலையில்லை. இந்த ஒரு பிழைதான் எல்லாச் சின்ன நூலகங்களிலும் முதலில் நடக்கும் என்றார் மாமி.

மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ வந்தபோது ஐந்து நிமிஷம் விவாதம். அது சைவமும்தான், தமிழ்நாடும்தான். இரண்டு எண்ணும் நியாயம். மாமி தமிழ்நாட்டுச் சமையலைத் தேர்ந்தெடுத்து, நோட்டில் தேதி போட்டு எழுதினார். “எது சரிங்கிறது இல்ல. அடுத்த தடவை இதே மாதிரி ஒண்ணு வந்தா, இதே இடத்துல வைக்கணும். அதுக்குத்தான் நோட்டு.” அந்த நோட்டைத்தான் நான் நாள் முழுக்க ஆசையோடு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூலகத்தின் சமையல் குறிப்பு அது!

இப்போது மலைக்கு வருவோம். 118 புத்தகங்கள்.

தமிழ்ப் பெயரை அகர வரிசையில் வைப்பது என்றால் முதல் கேள்வி, பெயரின் தலை எங்கே? வெள்ளைக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு, அதை முன்னால் இழுத்துக் காற்புள்ளி போட்டால் தீர்ந்தது. நமக்கு முன்னால் நிற்பது இனிஷியல், அப்பா பெயரின், ஊர்ப் பெயரின் துணுக்கு. அதை வைத்து அடுக்கினால் தி. ஜானகிராமன் ‘தி’யிலும், அ. முத்துலிங்கம் ‘அ’விலும், கி. ராஜநாராயணன் ‘கி’யிலும் போய் உட்காருவார்கள். ஆளின் சொந்தப் பெயர்தான் தலை, இனிஷியல் பின்னால் போகும். ஜானகிராமன், தி. முத்துலிங்கம், அ. ராஜநாராயணன், கி. ராமாமிர்தம், லா.ச. செல்லப்பா, சி.சு. வாசகர் லா.ச.ரா. என்று கேட்டுக்கொண்டு வருவார், ‘லா’வில் தேடுவார். அதனால் ‘லா’ வரும் இடத்தில் ஒரு அட்டையைச் சொருகி, ராமாமிர்தத்தைப் பார்க்கவும் என்று எழுதிவைத்தோம்.

ஆனால் இந்திரா பார்த்தசாரதி? அவர் பெயரில் உள்ள இந்திரா அவர் மனைவியின் பெயர். இனிஷியல் மாதிரி தோன்றினாலும் அது புனைபெயரின் பிரிக்க முடியாத பாதி, ஆகவே ‘இ’. ராஜம் கிருஷ்ணனுக்கு ராஜம்தான் சொந்தப் பெயர், கிருஷ்ணன் கணவர் பெயர், ஆகவே ‘ரா’. சுந்தர ராமசாமியைப் பிரிக்க யாருக்கும் மனசு வரவில்லை, ஜனங்கள் சேர்த்தே சொல்கிறார்கள், ஆகவே ‘சு’. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குட்டிக் கதை! மாமி ஒவ்வொன்றையும் தீர்த்து நோட்டில் ஏற்றிக்கொண்டே போனார்.

புனைபெயர் விஷயத்தில் அவர் கொள்கை கறார். தலைப்புப் பக்கத்தில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான். அட்டையைப் பார்க்கக் கூடாது, அட்டையில் வடிவமைப்பாளர் எதை வேண்டுமானாலும் பெரிதாகப் போடுவார். அசோகமித்திரனின் இயற்பெயர் தியாகராஜன். தி.நகரில் பல வருஷம் வாழ்ந்தவர், பெயரும் தியாகராஜன், எத்தனை பொருத்தம்! இருந்தாலும் ‘தி’யில் வைத்தால் ஒரு ஆத்மா கண்டுபிடிக்காது. ‘அ’தான். சுஜாதா இயற்பெயரில் ரங்கராஜன். அந்தப் பெயரில் அடுக்கியிருந்தால் ரா.கி. ரங்கராஜனின் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றிருப்பார். எனக்கு அந்தக் காட்சி பிடித்திருந்தது, ஆனால் மாமி அசையவில்லை. வண்ணதாசன் இன்னும் அழகு. கதைக்கு வண்ணதாசன், கவிதைக்கு கல்யாண்ஜி. கதை 894.8113-இல் ‘வ’, கவிதை 894.8111-இல் ‘க’. ஒரே மனிதர் இரண்டு ராக்கில் இரண்டு பெயரோடு குடியிருக்கிறார்!

சரி, தலை கிடைத்துவிட்டது. இனி அகர வரிசை. இதில் என்ன இருக்கிறது, ஒன்றாம் வகுப்புப் பாடம்தானே என்று நினைத்தேன். முதல் நாளே என் அண்ணன் மகனிடம் பட்டியலைக் கொடுத்து, கணினியில் அகர வரிசையில் அடுக்கித் தரச் சொல்லியிருந்தேன். அவன் தானே எழுதிய ஒரு சின்ன நிரலில் போட்டு, அச்சடித்துக் கொடுத்தான். அதைப் பார்த்து நான் வேகமாக அடுக்க, மாமி கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு வரிசையை உற்றுப் பார்த்தார்.

“சுஜாதாவுக்கு அப்புறமா சுந்தர ராமசாமி? யாரு சொன்னா?”

“கம்ப்யூட்டர் மாமி.”

“சொல்லிப் பாரு. க ங ச ஞ ட ண...”

சொன்னேன். க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன. அதில் ஜ எங்கே? இல்லை! ஜ, ஷ, ஸ, ஹ நான்கும் கிரந்த எழுத்துகள். தமிழ் அகராதிகளில் அவை ‘ன’வுக்கும் பிறகு, கடைசியில்தான் வரும். ஆனால் கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஒருங்குறி அட்டவணையில் ஜ, ‘ச’வுக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல் ‘சுஜா’வை ‘சுந்’துக்கு முன்னால் தள்ளிவிடும். அகராதி வரிசைப்படி ந முன்னால், ஜ பின்னால். ஆகவே சுந்தர ராமசாமி முன்னால், சுஜாதா பின்னால்!

ஒன்றைப் பிடித்ததும் மற்றதெல்லாம் மணிமணியாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. ராமகிருஷ்ணனும் ராமாமிர்தமும் முன்னால் வர வேண்டும், ராஜநாராயணனும் ராஜம் கிருஷ்ணனும் பின்னால். பட்டியலில் தலைகீழாக இருந்தது. அதே அட்டவணையில் ‘ன’, ‘ந’வுக்குப் பக்கத்திலும் ‘ற’, ‘ர’வுக்குப் பக்கத்திலும் இருக்கின்றன. புள்ளி வைத்த எழுத்திலும் ஒரு பொறி உண்டு. அகராதியில் ‘ம்’ முதலில், பிறகுதான் ‘ம’, ‘மா’. ஆகவே அம்பை, ‘அம’ என்று ஆரம்பிக்கும் எந்தப் பெயருக்கும் முன்னால் நிற்க வேண்டும். எழுத்து எண்ணை மட்டும் பார்க்கும் நிரலுக்குப் புள்ளி என்பது ‘ம’வுக்குப் பின் ஒட்டிய தனிக் குறி, அதன் எண்ணோ பெரியது, ஆகவே அம்பையைப் பின்னால் தள்ளிவிடும். தமிழ் வரிசையைச் சொல்லிக்கொடுத்த மென்பொருள்கள் உண்டு, அவை சரியாகச் செய்யும். சோதிக்க ஒரு வழி போதும். சுந்தர ராமசாமி, சுஜாதா இரண்டு பெயரையும் கொடுத்து அடுக்கச் சொல்லிப் பாருங்கள். சுஜாதா முதலில் வந்தால் அந்தப் பட்டியலை நம்பாதீர்கள்.

இன்னொரு தொல்லை ‘ர’. பழைய பதிப்பாளர்கள் இலக்கணப்படி முன்னால் இகரம் போட்டு இராமாமிர்தம், இராமகிருஷ்ணன் என்று அச்சடிப்பார்கள். ஒரே ஆசிரியரின் இரண்டு புத்தகங்களில் ஒன்று ‘இ’யிலும் மற்றொன்று ‘ரா’விலும் போனால் இரண்டு இடமுமே அரைகுறை. மாமியின் நோட்டில் ஒரு ஆளுக்கு ஒரே எழுத்துக்கூட்டல்தான். அச்சில் எப்படி இருந்தாலும் லேபிளில் அந்த வடிவம்தான் ஏறும்.

லேபிள் ஒட்டுவது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். முதுகின் அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே, எல்லாப் புத்தகத்திலும் ஒரே உயரத்தில். மேல்வரியில் வகுப்பெண், கீழ்வரியில் ஆசிரியர் பெயரின் முதல் எழுத்துகள். அதன்மேல் ஒரு ஒளிபுகும் டேப், இல்லாவிட்டால் சென்னை வியர்வைக் கைக்கு ஒரு வருஷம் தாங்காது. அசோகமித்திரனுக்கு ‘அசோ’ போதும். கல்கிக்கு ‘கல்’ போதும். ‘ஜெய’ என்று எழுதிவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்தேன், அதுவும் ‘ஜெய’! ஜெயகாந்தனும் ஜெயமோகனும். அங்கே மட்டும் ஓர் எழுத்து கூட்டி ‘ஜெயகா’, ‘ஜெயமோ’. வண்ணதாசனும் வண்ணநிலவனும் அப்படியே, ‘வண்ணதா’, ‘வண்ணநி’. எத்தனை எழுத்து என்பதற்கு விதி கிடையாது, இருவரைப் பிரிக்க எத்தனை தேவையோ அத்தனை.

ஒரு ஆசிரியருக்குள் வந்துவிட்டால் தலைப்பின் அகர வரிசை. கல்கியில் ‘அலை ஓசை’, ‘சிவகாமியின் சபதம்’, ‘பார்த்திபன் கனவு’, பிறகு ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் எண் வரிசையில். அசோகமித்திரனில் ஒரு வேடிக்கை. ‘இன்று’, ‘ஒற்றன்’, ‘கரைந்த நிழல்கள்’, ‘தண்ணீர்’, சரி, அடுத்தது? ‘18வது அட்சக்கோடு’ எங்கே போகும்? எண்ணில் ஆரம்பிக்கிறதே, எல்லாவற்றுக்கும் முன்னாலா? அந்தச் சின்னப் பெண்தான் பளிச்சென்று சொன்னாள்: “வாயால சொல்லிப் பாருங்க, பதினெட்டாவது. ‘ப’!” ஆகவே ‘தண்ணீரு’க்கும் ‘மானசரோவரு’க்கும் நடுவில். மாமி அவள் கன்னத்தைக் கிள்ளினார்.

மதியம் மோர் குடிக்கும்போது மாமி ஒரு ரகசியம் சொன்னார். ரங்கநாதன் இந்த அகர வரிசைச் சண்டை எதுவுமே இல்லாமல் இலக்கியத்தை அடுக்க ஒரு வழி வைத்திருந்தார். பிறந்த வருஷம்! 1960-இல் வந்த ஆறாம் பதிப்பின்படி புதுமைப்பித்தனின் கதைகளுக்கு எண் போட்டுக் காட்டினார்: O31,3N06. O என்றால் இலக்கியம், 31 தமிழ், 3 புனைகதை. N என்பது 1900-களைக் குறிக்கும், 06 சேர்த்தால் 1906, அவர் பிறந்த வருஷம். முந்தைய நூற்றாண்டுக்கு M, ஆகவே 1899-இல் பிறந்த கல்கி M99.

கண்ணை மூடிக்கொண்டு யோசித்துப் பாருங்கள்! அந்த ராக்கின் இடது கோடியிலிருந்து நடந்தால் கல்கி M99, புதுமைப்பித்தன் N06, லா.ச.ரா. N16, ஜெயகாந்தன் N34, சுஜாதா N35. அகர வரிசை கிடையாது, கிரந்தச் சண்டை கிடையாது, இகரம் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். ராக்கே இலக்கிய வரலாறாக ஓடுகிறது. தலைமுறை தலைமுறையாக எழுத்தாளர்கள் தங்கள் வயதுக்காரர்களோடு நிற்கிறார்கள்! நான் எழுந்து நின்றுவிட்டேன். “மாமி, இப்பவே மாத்திடலாம்!”

மாமி தலையாட்டினார். “1931-ல பிறந்தவர் யாரு, சொல்லு.” எனக்குத் தெரியவில்லை. அசோகமித்திரனும் சுந்தர ராமசாமியும், இருவருமே 1931. இருவருக்கும் N31. அவர்களைப் பிரிக்க எண்ணுக்குப் பின்னால் இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டும். அது செய்துவிடலாம். ஆனால் வாசலில் நிற்கும் வாசகருக்கு அசோகமித்திரன் பிறந்த வருஷம் தெரியுமா? பெயர் தெரியும். பெரிய நூலகத்தில் பட்டியல் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருவார்கள், அங்கே பிறந்த வருஷம் அற்புதமாக வேலை செய்யும். இந்த ஒற்றை அறைக்குப் பட்டியல் பார்க்க யாரும் வருவதில்லை, நேரே ராக்குக்குப் போகிறார்கள். அதனால் இங்கே டூயியும் அகர வரிசையும். எனக்கு இன்னும் ஆசை தீரவில்லை. ஒரு நாள் என் வீட்டு அலமாரியையாவது பிறந்த வருஷப்படி அடுக்கியே தீருவேன்!

நான்கு மணிக்கு ஏற்றினோம். ராக்கின் ஒரு தட்டு மூன்றடி அகலம், அதாவது சுமார் 90 சென்டிமீட்டர். தமிழ் நாவல் சராசரியாக இரண்டரை சென்டிமீட்டர் தடிமன் என்று வைத்தால் ஒரு தட்டில் 36 புத்தகம் அடங்கும். மாமி 24-க்கு மேல் வைக்க விடவில்லை. மூன்றில் ஒரு பங்கு காலி! நூலகம் வளரும் உயிர் என்பது ரங்கநாதனின் ஐந்தாவது விதி. அவர் 1931-இல் எழுதிய ஐந்து விதிகளில் கடைசி. அந்த விதியை இந்த அறையில் காலி இடத்தால் எழுதுகிறார் மாமி. இடைவெளி இல்லாவிட்டால் ‘ஆ’வில் ஒரு புத்தகம் புதிதாக வந்தாலும் ‘ஹ’ வரைக்கும் அத்தனையையும் நகர்த்த வேண்டிவரும்.

ஐந்து தட்டு, தட்டுக்கு 24 வீதம், 118-க்குக் கச்சிதம். மேல் தட்டில் இடமிருந்து வலம், பிறகு அதன் அடுத்த தட்டு, அதே ராக்கில் கீழ் வரை. பக்கத்து ராக்குக்குத் தாவி, மேல்தட்டுகளையெல்லாம் ஒரே கோடாக ஓட்டக் கூடாது. நான் அதையும் செய்யப் பார்த்தேன், மாமி என் கையைத் தட்டிவிட்டார். வாசகர் ஒரு ராக்கின் முன்னால் நின்று தலையை மேலும் கீழும் ஆட்டித்தான் தேடுவார், அறை முழுக்க நடந்து தேட மாட்டார்.

அகிலன், அசோகமித்திரன், அம்பை, இந்திரா பார்த்தசாரதி, இமையம் என்று மேல்தட்டு நிறைந்தது. சா. கந்தசாமி கல்கிக்கு முன்னால் அமர்ந்தார். சுந்தர ராமசாமி, சுஜாதா, செல்லப்பா வந்தார்கள். வண்ணநிலவனோடு ‘வ’ முடிந்தது. அதற்கப்புறம் கிரந்த எழுத்துகள், வரிசையில் கடைசியாக வந்தவர்கள்: ஜானகிராமன், ஜெயகாந்தன், ஜெயமோகன், ஷோபாசக்தி, கடைசியில் ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’. அதன் பக்கத்தில் ஒரு இரும்புத் தாங்கியை வைத்து நிறுத்தினேன். என் கை நடுங்கியது!

பிறகு சரிபார்ப்பு. நான் லேபிளை உரக்கப் படிக்க, மாமி கண்ணை மூடிக் கேட்டார். அகி, அசோ, அம், இந், இமை... ஓதுவது மாதிரி தாளத்தோடு போகும். தப்பான புத்தகம் வந்தால் தாளம் உடைந்துவிடும். மூன்றாம் தட்டில் உடைந்தது. ‘ரா’ வரிசையில் ராஜம் கிருஷ்ணனுக்குப் பின்னால் ராமாமிர்தம் ஒன்று. ராஜ வந்த பிறகு ராம வரக் கூடாதே! தட்டிலிருந்து உருவி, அவரது மற்ற புத்தகங்களோடு சேர்த்தோம். மாதம் ஒரு முறை இப்படி ஓதிவிட வேண்டுமாம். இரண்டு தட்டு தள்ளி உட்கார்ந்த புத்தகம் தொலைந்த புத்தகம்தான், பதிவேட்டில் இருக்கும், கையில் கிடைக்காது.

மணி ஐந்தரை. கீழே தெருவில் ஜவுளிப் பைகளோடு ஜனங்கள் வழிய ஆரம்பித்துவிட்டார்கள். படியில் செருப்புச் சத்தம். மூன்றாவது வீட்டுப் பெரியவர் ஒரு மஞ்சள் பையை நீட்டினார். “வீட்டை ஒழிச்சேம்மா. இதை வெச்சுக்கோங்க.”

பைக்குள் ஒரே ஒரு புத்தகம். ஆதவனின் ‘என் பெயர் ராமசேஷன்’. மாமி தலைப்புப் பக்கத்தைப் புரட்டினார், பதிவேட்டில் எண் ஏற்றினார், லேபிளை என்னிடம் கொடுத்தார். 894.8113, கீழே ‘ஆத’. இரண்டு அங்குலம் அளந்து ஒட்டினேன். அந்தச் சின்னப் பெண் அதைப் பிடுங்கிக்கொண்டு ராக்குக்கு ஓடினாள். அம்பையை லேசாக இடது பக்கம் தள்ளினாள், இந்திரா பார்த்தசாரதியை வலது பக்கம் தள்ளினாள். நடுவில் சரியாக ஒரு புத்தக அகலம் திறந்தது.

“இங்கதானே மாமி?”

“அங்கதான்.”